ஆயாவின் கொள்ளு ரசம் எந்த அத்தியாயத்தில் போகும்?

குடும்பச் சமையல் புத்தகம் போடக் கிளம்பும் பெரும்பாலான வீடுகளில் முதல் மூன்று மாதம் குறிப்புச் சேர்ப்பது ஜோராக நடக்கும். வாட்ஸ்அப் குழுவில் அத்தைகள் குரல்பதிவு அனுப்புவார்கள், யாரோ பழைய ஆல்பத்தை போனில் படமெடுத்துப் போடுவார்கள், பரணிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் இறங்கும். நாலாவது மாதம் "இதையெல்லாம் எந்த வரிசையில் வைக்கிறது?" என்ற கேள்வி வரும். வேலை நிற்பது அங்கேதான்.

இங்கே சொல்லப்போவது சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்தின் புத்தகம் உருவானபோது நடந்தது. மூன்று தலைமுறை, எழுபது சொச்சம் குறிப்புகள், இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான படங்கள். சமையலை எழுதுவது அதில் சுலபமான பாதி. அடுக்குவதுதான் கஷ்டமான பாதி.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்து பார்த்தார்கள்: குழம்பு, ரசம், பொரியல், பலகாரம், ஊறுகாய். இரண்டே நாளில் குறை தெரிந்துவிட்டது. குழம்புப் பகுதியில் பதினெட்டு குறிப்பு, அதில் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று அரை ஸ்பூன் மல்லித்தூள் வித்தியாசம்தான். ஆயா சொன்ன கதைகளுக்கோ எங்கேயும் இடமில்லை. கடையில் கிடைக்கும் எந்தச் சமையல் புத்தகத்தையும் இப்படிப் பிரிக்கலாம் என்றால், இந்தக் குடும்பத்துக்கென்று அதில் என்ன இருக்கிறது?

அடுத்து ஆள்வாரியாக: ஆயா பக்கம், பெரியம்மா பக்கம், சித்தி பக்கம். கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் சண்டைதான் வரும். புளிக்குழம்பு ஆயாவுடையது என்று மகன்கள் சொன்னார்கள். அதை இருபது வருடமாகத் தினமும் வைத்தது மருமகள். அவர் பேர் போடாமல் எப்படி? அதோடு இதில் பக்கங்கள் சமமாக விழாது. நன்றாகப் பேசுகிறவருக்கு இருபது பக்கம், பேசாமல் சமைத்தே காலம் தள்ளியவருக்கு இரண்டு பக்கம். பேர் போடும் பிரச்சினைக்குக் கடைசியில் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் இரண்டு பேர்: யார் கைப்பக்குவம், யார் எழுதியது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருந்தால் இரண்டு கையும் வரும்.

மூன்றாவதாக மாதவாரியாக. சேலத்துக் குடும்பத்துக்கு இது கிட்டத்தட்டப் பொருந்திவிடும். சித்திரை, வைகாசியில் மாம்பழம், பங்குனி வெயிலில் ஜவ்வரிசி வடகம், ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவது, பதினெட்டுக்குச் சித்ரான்னம், கார்த்திகைப் பொரி உருண்டை, தைப்பொங்கல். ஆனால் அடுக்கிப் பார்த்தால் ஆடியிலும் தையிலும் குவிந்து, புரட்டாசியில் இரண்டே குறிப்பு நிற்கிறது. வாரத்தில் மூன்று நாள் சாப்பிடுகிற கொள்ளும் ராகிக் களியும் எந்த மாதத்துக்கும் சொந்தமில்லை. வீட்டின் நிஜச் சாப்பாடு "இதர" என்ற கடைசிப் பகுதிக்குப் போய்விடும். எந்த அடுக்கிலும் "இதர" என்ற பகுதி பெருத்தால் அந்த அடுக்கு தப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியான கோணம் பெரியவர்களோடு பேசும்போதுதான் அகப்பட்டது. "ஆயா, இந்தக் குழம்புக்கு என்ன கதை?" என்று கேட்டால், "கதை என்ன கண்ணு, குழம்புதான்" என்பதோடு முடிந்துவிடும். அதே ஆயாவிடம், "பழைய வீட்டுல அடுப்பு எங்க இருந்துச்சு?" என்று கேட்டபோது முக்கால் மணி நேரம் பேசினார். முன்னால் குழித்தறி, நடுவில் படுக்கிற இடம், கொல்லைப் பக்கம் அடுப்பு. விறகு எங்கே அடுக்கியிருக்கும், மழையில் அது எப்படி நனையும், தறிக்கு ஏற்றும் நூலான பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் நாளில் அடுப்பு காலியாகாததால் சோறு எத்தனை மணிக்கு ஆகும். எந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் நிறுத்தாமல் பேசுகிறார்களோ அந்தக் கேள்விக்குள்தான் புத்தகத்தின் கோணம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்து அந்த அடுப்படியை வரையச் சொல்லுங்கள். வராது என்பார்கள். நீங்கள் தப்பாக வரைய ஆரம்பித்தால் பென்சிலைப் பிடுங்கித் திருத்துவார்கள்.

இந்தக் குடும்பத்தில் மூன்று அடுப்பு. அம்மாபேட்டைக் கொல்லையில் விறகடுப்பு. அப்பா வேலைக்குப் போய் சூரமங்கலத்தில் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். பிறகு சொந்த வீட்டில் கேஸ், குக்கர், மிக்ஸி. புத்தகம் அப்படியே மூன்று பகுதியாகப் பிரிந்தது. வடகம், மோர்மிளகாய், மாங்காய் வத்தல் போன்றவற்றுக்காக "வெயில்" என்று நாலாவது பகுதி. "இதர" தேவைப்படவில்லை.

அடுப்பு என்ற கோணம் வெறும் அலங்காரம் இல்லை, சமையலே அதனால் மாறியிருக்கிறது என்பதற்குக் கொள்ளு ஒன்றே போதும்.

விறகடுப்பில் ஆயா செய்தது இப்படி. 200 கிராம் கொள்ளைக் கல் பார்த்து இரவே ஊறப்போடுவது. காலையில் அந்தத் தண்ணீரை இறுத்துவிட்டு, மண்சட்டியில் 2 லிட்டர் புதுத் தண்ணீர் வைத்து ஒன்றரை மணி நேரம் போல வேகவிடுவது. கொள்ளு தனக்கு வேண்டியதைக் குடித்து, கொஞ்சம் ஆவியாகப் போய், கிட்டத்தட்ட 1 லிட்டர் கொள்ளுத் தண்ணீர் மிஞ்சும். அதை வடித்து ஒரு கைப்பிடி வெந்த கொள்ளை மசித்துப் போட்டு, 15 கிராம் புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், ஆறு பல் பூண்டு, இரண்டு வரமிளகாய் இவற்றை அம்மியில் நசுக்கிச் சேர்த்து, நுரை கட்டி வரும்போது இறக்கித் தாளித்தால் ரசம். மீதிக் கொள்ளை மத்தால் கடைந்தால் பருப்பு. ஒரு சட்டியில் இரண்டு பதார்த்தம்.

குக்கர் வந்தபிறகு அதே 200 கிராமுக்கு 600 மில்லி தண்ணீர்தான் வைக்கிறார்கள். ஆவியாக அதிகம் போகாது. வெந்தபிறகு மிஞ்சுவது கால் லிட்டர். அதை வைத்து ஐந்து பேருக்கு ரசம் வைக்க முடியாது. அதனால் அந்தத் தண்ணீரையும் பருப்போடு சேர்த்தே கடைந்துவிடுகிறார்கள். "எங்க வீட்ல இப்ப ஏன் கொள்ளு ரசம் வைக்கிறதில்ல?" என்று பேத்தி கேட்டதற்கு, யாருக்கும் பிடிக்காமல் போனதால் இல்லை என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் வீட்டாருக்கே விளங்கியது. ரசத்துக்கான தண்ணீர் மிச்சமாகாததால்தான் அது நின்றது.

இங்கே ஒரு விபத்தும் நடக்கப் பார்த்தது. முதல் வரைவில் பேத்தி ஆயாவின் அளவையும் அம்மாவின் நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்: 2 லிட்டர் தண்ணீர், ஆறு விசில். அப்படி 3 லிட்டர் குக்கரில் வைத்தால் கொள்ளு நுரைத்து மேலேறி ஆவி போகும் துளையில் அடைக்கும். பயறு வகைகளை எப்போதும் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆகவே விதி: ஒரு குறிப்பில் ஒரே அடுப்புதான். அளவு, பாத்திரம், நேரம் மூன்றும் அந்த அடுப்புக்கானதாகவே இருக்க வேண்டும். மறு அடுப்பில் செய்வதைத் தனிக் கட்டத்தில் முழு அளவோடு எழுத வேண்டும். விசில் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. குக்கர் எத்தனை லிட்டர், விசில் வந்தபின் சிறு தீயில் எத்தனை நிமிடம் என்பதும் வேண்டும்.

அளவு வாங்குவது தனிக் கலை. "உப்பு எவ்வளவு போடுவீங்க ஆயா?" என்று கேட்டால் "கைக்குத் தெரியும்" என்பார். ஸ்பூனைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னால் அன்று குழம்பு கெடும், ஏனென்றால் அவர் கை அப்படி வேலை செய்து பழகியதில்லை. அவரைத் தொந்தரவு செய்யாமல் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் சமையலுக்கு முன் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். சமைத்து முடித்தபின் மறுபடி நிறுங்கள். குறைந்ததுதான் அளவு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். ஒரே பதார்த்தத்தை மூன்று தடவை இப்படி நிறுத்ததில் உப்பு 11, 12, 11 கிராம் என்று வந்தது. கைக்குத் தெரியும் என்று அவர் சொன்னது நிஜம்தான்.

பழைய நோட்டுகளில் படி, உழக்கு, ஆழாக்கு வரும். கணக்குப்படி எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ஆனால் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு படியின் கொள்ளளவு மாறும். பொதுவான அட்டவணையைப் பார்த்து மாற்றினால் தப்பாகப் போக வாய்ப்பு உண்டு. அந்த வீட்டுப் பித்தளைப் படியையே தேடி எடுத்து, தராசில் வைத்துப் பூஜ்யமாக்கித் தண்ணீர் நிரப்புங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அதன்பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: தலைதட்டி அளப்பார்களா, கும்பாரமாகவா? அரிசியில் அது கணிசமான வித்தியாசம்.

"ஓரணாவுக்கு மல்லி, காலணாவுக்குப் புளி" என்று எழுதியிருந்தால் அளவு கிடைக்காது, காலம் கிடைக்கும். 1957 ஏப்ரலில் புதுப் பைசா வந்தது. பேச்சில் அணா பல வருடம் ஓடியது என்பதால், அணாவில் எழுதிய பக்கம் ஏறக்குறைய அந்தக் காலத்தது அல்லது அதற்கு முந்தையது என்று மட்டும் சொல்லலாம், வருடம் குறிக்கக் கூடாது. அந்தக் குறிப்புகளுக்கு இப்போது சமைத்துப் பார்த்து அளவு போட வேண்டும். பழைய வரியை அழிக்காமல், "இன்றைய அளவு" என்று பக்கத்தில் வையுங்கள்.

படங்களும் இந்தக் கோணத்தால்தான் பிழைத்தன. ஐம்பது வருடத்துக்கு முன் யாரும் குழம்பைப் படமெடுக்கவில்லை. இந்த வீட்டின் பழைய படங்களில் சாப்பாடு தெரிகிற படம் நாலுதான், நாலும் கல்யாணப் பந்தி. பதார்த்தவாரியாக அடுக்கினால் பழைய படங்களுக்கு இடமே இருந்திருக்காது, புதிதாக எடுத்த பளபளப் படங்கள்தான் நிரம்பியிருக்கும். அடுப்பு என்று வைத்ததும் வேறு கண்ணால் பார்க்க முடிந்தது. தெருவில் பாவு நீட்டியிருக்கும் ஒரு படம். எல்லோரும் நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில் திண்ணையடியில் கஞ்சிப் பானை ஒன்று பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. அந்தப் பானைதான் விறகடுப்புப் பகுதியின் முதல் பக்கம். இன்னொன்றில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்க, பின்னால் சுவரோரம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் அதன்மேல் ஈயச்சட்டியும். ஆகவே படங்களைப் பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டு மூலைகளைப் பாருங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் சுருக்கமாக: இரண்டரைக்கு மூன்றரை அங்குலச் சிறு படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 1500க்கு 2100 பிக்சல் வரும். அச்சுக்கு 300 டிபிஐ வேண்டும் என்பதால் அதை ஐந்துக்கு ஏழு அங்குலம்வரை பெரிதாக்கலாம், அதற்கு மேல் மங்கும். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தால் பெரும்பாலும் வரும், வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டியதைக் கழற்றவே வேண்டாம், கண்ணாடியோடு படமெடுங்கள். பின்பக்கம் எழுத மென் பென்சில்தான். பால்பாயின்ட் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். கோப்புப் பேரிலேயே அடுப்பையும் சேர்த்துவிட்டால் அடுக்கும்போது தேட வேண்டியதில்லை:

```
viragu_ammapet_paavu_01.tif
stove_suramangalam_kuzhandhai_01.tif
```

இனி, அடுக்குக்கு அடங்காமல் தொல்லை கொடுத்த குறிப்பு: ஆடி ஒன்று தேங்காய். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரிப் பக்கம் தவிர மற்ற ஊர்க்காரர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது என்பதால் முழுதாகவே எழுத வேண்டியிருந்தது.

முற்றிய, தண்ணீர் ஆடுகிற தேங்காய். நாரை ஒட்ட உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவது, அது பிள்ளைகள் வேலை. மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கும் கண்ணைக் குடைந்து தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்வது. ஒரு நடுத்தரக் காய்க்கு, வறுத்து அரை மணி ஊறவைத்த பாசிப்பருப்பு 20 கிராம், அவல் 20, பொட்டுக்கடலை 15, எள் 10, பொடித்த வெல்லம் 40, ஒரு ஏலக்காய். இதைக் கண் வழியாகப் போட்டு, எடுத்த தண்ணீரில் இரண்டு மூன்று ஸ்பூன் மட்டும் திரும்ப ஊற்றுவது. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அவலும் பருப்பும் உப்பும், ஆவியும் சேரும், இறுக்கி அடைத்தால் ஓடு பாதியிலேயே வெடித்து வெல்லம் தீயில் ஒழுகும். பட்டை சீவி மஞ்சள் பூசிய அழிஞ்சில் குச்சியின் முனையைக் கூராக்கிக் கண்ணில் செருகி, தீயில் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். சுமார் அரை மணியில் ஓடு கருத்து, கீறல் விழுந்து, வெல்ல வாசம் வரும். அதுதான் பதம். ஓடு ஒரு பக்கம் மட்டும் கருத்திருந்தால் மறுபக்கம் பருப்பு வேகாமல் நறநறக்கும். சுட்டதைப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைப்பார்கள். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகச் சுடுவது என்று ஆயா சொன்ன கதை அவர் வார்த்தையிலேயே போயிருக்கிறது.

இது கேஸில் ஆகாது. பர்னர் தீ ஒரே இடத்தில் பிடிக்கும், குச்சி முதலில் எரிந்து விழும், வெடித்தால் சில்லு அடுப்படி முழுக்கப் பறக்கும். இப்போது அந்த வீட்டார் மொட்டைமாடியில் மூன்று செங்கல் கூட்டித் தென்னமட்டையில் சுடுகிறார்கள். அப்படியென்றால் இது எந்தப் பகுதி? விறகா, வெயில் பகுதியின் மொட்டைமாடியா? முடிவு இப்படி: எந்த அடுப்பில் ஒரு பதார்த்தம் குறைவில்லாமல் முழுசாக நடந்ததோ அங்கே குறிப்பு, பிற்பாடு நடப்பது அதே பக்கத்தின் கீழ்க் கட்டத்தில். தேங்காய் விறகடுப்புக்குப் போயிற்று, மாடியில் கூட்டிய செங்கல் அடுப்பு கட்டத்தில். கொள்ளும் அப்படியே, ரசம் விறகில், கடைசல் கேஸில், ஒன்றிலிருந்து மற்றதற்குப் பக்க எண்.

அச்சுக்கு முன் இரண்டு வேலை. ஒன்று, கதைகளைச் சொன்னவருக்கே திரும்ப வாசித்துக் காட்டுவது. அடுப்பைப் பற்றிப் பேசினால் அரிசிப்பானைச் சாவி யாரிடம் இருந்தது, யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் தானாக வரும். பதிவில் சிரித்துக்கொண்டே சொன்னதை எழுத்தில் கேட்டதும், "அத எடுத்துடு சாமி, அவங்க பிள்ளைங்க படிப்பாங்க" என்று ஆயா இரண்டு இடத்தில் சொன்னார். இரண்டும் எடுக்கப்பட்டன. இன்னொன்று எழுத்துரு. பழைய முறை எழுத்துருவில் வேலை செய்யும் அச்சகத்தில் யுனிகோடு கோப்பைக் கொடுத்தால் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். "கொள்ளு" பல இடத்தில் "காெள்ளு" ஆகிவிட்டதைத் திரையில் யாரும் பார்க்கவில்லை. தாளில் எடுத்துப் படித்தபோதுதான் பட்டது. அளவு எண்களையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். அந்தத் தாளில் 1½ ஸ்பூன் 12 ஸ்பூன் ஆகியிருந்தது.

முதலில் பத்துப் பிரதி மட்டும் டிஜிட்டலில் அடித்து, சமைக்கத் தெரியாத ஒரு பேரனிடம் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் விறகடுப்புப் பக்கத்தின் அளவை மாற்றாமல், மூடாத பாத்திரத்தில், கேஸ் அடுப்பிலேயே கொள்ளை ஒன்றரை மணி நேரம் வேகவைத்தார். 1 லிட்டருக்குப் பதில் 800 மில்லி மிஞ்சியது, தீ கொஞ்சம் கூட. ரசம் ஐந்து பேருக்கும் வந்தது.